நெற்றி, மார்பில் அரிக்கும் ஒரே மாதிரி பொரிகள்; பரு கிரீமுக்கு அடங்காதது ஏன்? ‘ஃபங்கல் ஆக்னே’ என்றால் என்ன?

நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஒட்டி கடுகு அளவில் சின்னச் சின்ன பொரிகள். கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவு. மார்பிலும் தோளிலும் அதே மாதிரி. வெயிலில் கொஞ்சம் வியர்த்தால் போதும், அரிப்பு தாங்க முடியாது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய பரு கிரீமை ஒரு மாதம் பூசியாச்சு, ஒன்றுகூட குறையவில்லை.

இப்படி ஒரு நிலையில் இருப்பவர்களுக்கு வந்திருப்பது பருவே இல்லாமல் இருக்கலாம். இணையத்தில் இதற்கு ‘ஃபங்கல் ஆக்னே’ என்று பெயர். ஆனால் அந்தப் பெயரே கொஞ்சம் குழப்பம் தருவதுதான். தோல் மருத்துவர்கள் இதை ‘மலாசீசியா ஃபாலிகுலைட்டிஸ்’ என்கிறார்கள். அதாவது, மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் முடி முளைக்கும் குழியில் ஏற்படும் அழற்சி. பார்க்க பரு மாதிரி இருக்கும், பருவுக்கான மருந்தை மட்டும் மதிக்காது. சில நேரம் அந்த மருந்தாலேயே அதிகமாகும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

டெலிவரி வேலை, ஹெல்மெட், நாலு மாத மாத்திரை

தோல் மருத்துவரிடம் இந்தப் பிரச்னையோடு போகும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சென்னையில் உணவு டெலிவரி செய்யும் 23 வயது இளைஞர். நாள் முழுக்க ஹெல்மெட், உடம்போடு ஒட்டும் பாலியெஸ்டர் டி-ஷர்ட், முதுகில் பை. கன்னத்தில் வழக்கமான பருக்கள் இருந்ததால் ஒரு டாக்டரைப் பார்க்கிறார். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு கிரீமும் எழுதித் தரப்படுகிறது. ‘ஆறு வாரம் கழித்து வாங்க’ என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

கன்னத்தில் பரு குறைகிறது. மறுபடி டாக்டரிடம் போக நேரமில்லை. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை நாலு மாதம் வாங்கிச் சாப்பிடுகிறார். மூன்றாவது மாதத்தில்தான் நெற்றியிலும் மார்பிலும் அந்தப் புதுப் பொரிகள் வருகின்றன. ‘பரு பரவுது’ என்று நினைத்து மாத்திரையை விடாமல் தொடர்கிறார். பொரிகளும் கூடிக்கொண்டே போகின்றன.

இங்கே என்ன நடந்தது என்று புரிய, தோலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

எல்லார் உடம்பிலும் இருக்கும் ஈஸ்ட்

மலாசீசியா வெளியிலிருந்து வந்து தொற்றுவது அல்ல. ஆரோக்கியமான மனிதர்கள் எல்லார் தோலிலும் இது இருக்கிறது. 1874-ல் லூயி-ஷார்ல் மலாசே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பொடுகுச் செதில்களில் இந்த ஈஸ்ட்டைப் பார்த்து விவரித்தார். அவர் நினைவாகத்தான் இந்தப் பெயர்.

நம் ஊரில் பலருக்கும் இதன் வேறு முகங்கள் ஏற்கனவே பழக்கம். கழுத்திலும் மார்பிலும் வெளுத்த திட்டுகளாக வரும் தேமலுக்குக் காரணம் இதே மலாசீசியாதான். தலையில் பொடுகு வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. அதே ஈஸ்ட், தோலின் மேற்பரப்பில் பரவினால் தேமல், முடிக்குழிக்குள் இறங்கிப் பெருகினால் இந்த அரிக்கும் பொரி. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்றும் சேர்ந்து இருப்பதும் உண்டு. பொடுகும் தேமலும் இருக்கிறதா என்று டாக்டர் கேட்பது அதனால்தான்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள இதனால் முடியாது. தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உடைத்துத்தான் வாழ வேண்டும். எனவே எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் உள்ள நெற்றி, மார்பு, மேல்முதுகு, தோள் ஆகியவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு, எண்ணெய் சுரப்பு கூடும் டீன் ஏஜிலும் இருபதுகளிலும் இது அதிகம் வருவதற்கும் அதுவே காரணம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கடலோர ஊர்களின் புழுக்கத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டும் கூடியது ஏன்?

சாதாரண பருவில் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அந்த பாக்டீரியாவைக் குறைக்கின்றன, அழற்சியையும் தணிக்கின்றன. ஆனால் ஈஸ்ட் என்பது பாக்டீரியா இல்லை, பூஞ்சை இனம். ஆன்டிபயாடிக்கால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. ஒரு தரப்பை மருந்து கொடுத்து மாதக்கணக்கில் ஒடுக்கினால், இன்னொரு தரப்புக்கு இடமும் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த இளைஞருக்கு நடந்தது இதுதான். கன்னத்துப் பருவுக்கு மாத்திரை சரியாகவே வேலை செய்தது. அதே மாத்திரை நெற்றியில் ஈஸ்ட்டுக்கு வழிவிட்டது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு இப்படிப் பரு போன்ற பொரிகள் வருவதை அமெரிக்க மருத்துவர்கள் 1969-லேயே பதிவு செய்தார்கள். 1973-ல் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் இன்னும் பருவோடு குழப்பிக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது.

டாக்ஸிசைக்ளின் கெட்ட மருந்து என்று இதற்கு அர்த்தம் கிடையாது. சொன்ன காலத்துக்கு மேல் தானாகத் தொடர்ந்ததும், புதிதாக வந்த பொரியைப் பழைய பரு என்று நினைத்ததும்தான் சிக்கல்.

பருவா, ஈஸ்ட்டா: எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் அடையாளம் அரிப்பு. சாதாரண பரு வலிக்கும், தொட்டால் நோகும், அரிப்பு பெரிதாக இருக்காது. ஈஸ்ட் பொரி அரிக்கும். வியர்க்கும்போதும், வெந்நீரில் குளித்த பிறகும் இன்னும் அதிகமாக அரிப்பதாகப் பலரும் சொல்வார்கள். எல்லாருக்கும் அரிக்கும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் அரித்தால் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, அளவு. பரு வந்த முகத்தில் எல்லா ரகமும் கலந்து கிடக்கும்: கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி, சீழ் வைத்தது என்று. ஈஸ்ட் பொரிகள் ஒரே சல்லடையில் சலித்துப் போட்டது மாதிரி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில், ஒரே மாதிரி இருக்கும். சிலவற்றின் தலையில் பொட்டு மாதிரி சீழ் தெரியும். முக்கியமாக, கரும்புள்ளியும் வெண்புள்ளியும் இருக்காது.

மூன்றாவது, இடம். முகத்தில் என்றால் நெற்றி, முடியோரம், தாடையோரம், முகவாய் என்று ஓரங்களில்தான் பெரும்பாலும் வரும். மூக்கும் கன்னத்தின் நடுப்பகுதியும் தப்பித்துவிடும். உடம்பில் மார்பு, மேல்முதுகு, தோள், மேல்கையின் வெளிப்பக்கம்.

ஆனால் நெற்றியில் அரிக்கும் எல்லாமே ஈஸ்ட் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கோடையில் வரும் வேர்க்குருவும் அரிக்கும், அதுவும் குட்டி குட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அது வியர்வை வழி அடைபடுவதால் வருவது. காற்றோட்டமான இடத்தில் இருந்தால், சில நாட்களில் தானாக அடங்கிவிடும். வாரக்கணக்கில் நிற்காது.

தலைக்கு நிறைய எண்ணெய் வைப்பவர்களுக்கு, அது வழிந்து நெற்றியோரம் பொரி வருவதும் இங்கே சகஜம். அதில் வெண்புள்ளிகள் நிறையத் தெரியும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. எண்ணெயைக் குறைத்தால் மெல்ல மெல்லக் குறையும். இது தவிர பாக்டீரியாவாலும் முடிக்குழியில் அழற்சி வரலாம். கண்ணால் பார்த்து மட்டும் இதையெல்லாம் பிரிப்பது மருத்துவர்களுக்கே சில நேரம் கஷ்டம்.

இன்னொரு சிக்கல், பருவும் ஈஸ்ட்டும் ஒரே முகத்தில் சேர்ந்து இருக்கலாம். உதாரணத்தில் பார்த்த இளைஞருக்கு அப்படித்தான். எனவே ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டு, ‘பாதிதான் சரியாச்சு’ என்று புலம்புவது அடிக்கடி நடக்கும்.

அந்த ‘எல்லாத்துக்கும் ஆகும்’ டியூப்

கதை இன்னும் முடியவில்லை. மாத்திரையும் கைவிட்டதும், கூட வேலை பார்க்கும் நண்பர் ஒரு டியூப் கொடுக்கிறார். ‘படை, அரிப்பு, பரு, எல்லாத்துக்கும் இதான் மச்சான்.’ போட்ட இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, சிவப்பும் குறைகிறது. மருந்து பிடித்துவிட்டது என்று சந்தோஷம். மூன்று வாரத்தில் டியூப் தீர்ந்ததும், முன்பைவிட அதிகமாகப் பொரிகள் திரும்பி வருகின்றன.

இந்த மாதிரி டியூப்களில் பல, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை. உறையைத் திருப்பிப் பார்த்தால் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் இருக்கும். அவைதான் ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும், ஆனால் காரணமான ஈஸ்ட்டைக் கொல்லாது. அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிடுவதால், ஈஸ்ட் நிம்மதியாகப் பெருகும். அதில் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கிறதே என்று கேட்கலாம். ஸ்டீராய்டு செய்யும் கெடுதலை அது ஈடுகட்டும் என்று நம்ப முடியாது.

போதாக்குறைக்கு, ஸ்டீராய்டு தானாகவே ஒரே அளவிலான பரு போன்ற பொரிகளை உண்டாக்கும், தோலையும் மெலிய வைக்கும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் சிவந்து எரியவும் கூடும். எனவே நீண்ட நாள் போட்டிருந்தால், எப்படி நிறுத்துவது என்பதையும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். என்ன டியூப் போட்டீர்கள் என்பதை மறைக்காமல், முடிந்தால் காலி டியூபையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

டாக்டர் என்ன செய்வார்?

கடைசியில் அக்காவின் வற்புறுத்தலில் அந்த இளைஞர் தோல் டாக்டரிடம் போகிறார். டாக்டரின் முதல் கேள்வி, “அரிக்குதா தம்பி?” இரண்டாவது, “இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எவ்ளோ நாள்?” பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

உறுதி செய்ய ஓர் எளிய சோதனை உண்டு. சீழ் வைத்த ஒரு பொரியை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். தோல் செல்கள் கரைந்து, மொட்டு விடும் ஈஸ்ட் செல்கள் கூட்டமாகத் தெரியும். சில இடங்களில் வுட்ஸ் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பதும் உண்டு. முடிக்குழிகளில் மஞ்சள்-பச்சை அல்லது நீலம் கலந்த வெள்ளையில் ஒளி தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த ஈஸ்ட் எல்லார் தோலிலும் இருப்பதால், ஒன்றிரண்டு செல் தெரிந்தால் மட்டும் இதுதான் நோய் என்று சொல்லிவிட முடியாது. பொரியின் உள்ளே அதிக எண்ணிக்கையில் இருக்க வேண்டும், வெளித்தோற்றமும் பொருந்த வேண்டும். பூஞ்சை மருந்து கொடுத்ததும் சட்டென்று அடங்குவதும் ஓர் ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பொடுகு ஷாம்பு, உடம்புக்கு

சிகிச்சை கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். லேசான பாதிப்புக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது, பொடுகுக்குப் பயன்படுத்தும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவைத்தான். அதைத் தலைக்குப் பதில் நெற்றி, மார்பு, முதுகில் பயன்படுத்த வேண்டும்.

பயன்படுத்தும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தோலை நனைத்து, ஷாம்புவைத் தடவி, ஐந்து நிமிடமாவது விட்டுவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். சோப்பு மாதிரி போட்ட உடனே கழுவினால் மருந்து முடிக்குழிக்குள் இறங்காது. சீக்கிரம் சரியாகட்டும் என்று இரவு முழுக்க விட்டாலும் தப்பு, தோல் வறண்டு எரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சொல்வதைப் பொறுத்து தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். செலினியம் சல்ஃபைடு, ஜிங்க் பைரிதியோன் கலந்த ஷாம்புகளும் இதேபோல் பயன்படுகின்றன. சின்ன இடம் என்றால் கீட்டோகோனசோல் கிரீமும் தரப்படும்.

ஈஸ்ட் முடிக்குழியின் ஆழத்தில் இருப்பதால், மேலே பூசுவது மட்டும் எல்லாருக்கும் போதாது. மார்பு, முதுகு என்று பரவலாக இருந்தால் இட்ராகோனசோல் அல்லது ஃப்ளூகோனசோல் மாத்திரைகள் தேவைப்படலாம். அந்த இளைஞருக்கு டாக்ஸிசைக்ளினையும் டியூபையும் நிறுத்திவிட்டு, ஷாம்புவோடு இட்ராகோனசோல் தினம் 200 மில்லிகிராம் என்று இரண்டு வாரத்துக்கு எழுதுகிறார் டாக்டர். கன்னத்துப் பருவுக்கு ஆன்டிபயாடிக் இல்லாத பென்சாயில் பெராக்சைடு ஜெல்.

இந்த அளவைப் படித்துவிட்டு நேராக மெடிக்கலுக்குப் போகக் கூடாது. இட்ராகோனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் வேறு பல மருந்துகளோடும் மோதும். கல்லீரல் பிரச்னை இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேப்ஸ்யூலை சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அசிடிட்டி மருந்தைக் கூடவே போட்டால் இட்ராகோனசோல் உடம்பில் சரியாகச் சேராது. கீட்டோகோனசோல் ஷாம்பு வேறு, கீட்டோகோனசோல் மாத்திரை வேறு. மாத்திரை கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால், 2013-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தன.

வீட்டில் படைக்கு வாங்கி வைத்த டெர்பினாஃபைன் மாத்திரை இருக்கிறதே, அதைப் போடலாமா? வேண்டாம். படையை உண்டாக்கும் பூஞ்சைக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அதே மாத்திரை, மலாசீசியாவால் வரும் தேமலுக்குக்கூட பயன் தருவதில்லை. பூஞ்சை மருந்து என்று பெயர் இருப்பதால் எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே மருந்து ஆகிவிடாது.

எப்போது சரியாகும்? திரும்ப வருமா?

சரியான மருந்து என்றால் அரிப்புதான் முதலில் நிற்கும், பலருக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே. பொரிகள் தட்டையாக இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். அதன் பிறகும் பழுப்பு நிறத்தில் புள்ளிகள் சில மாதம் நிற்கும், குறிப்பாக மாநிறத் தோலில். அது தழும்புக்கறைதான், ஈஸ்ட் இல்லை. அதைப் பார்த்து ‘இன்னும் போகல’ என்று மறுபடி மறுபடி பூஞ்சை மருந்து போடத் தேவையில்லை. விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படுகிறதா, அரிக்கிறதா என்று பார்த்தால் போதும். நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால், நோயே வேறாக இருக்கலாம், திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

திரும்ப வருமா என்றால், வரும், நிறையப் பேருக்கு. ஈஸ்ட்டைத் தோலிலிருந்து முழுசாக விரட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். அந்த இளைஞருக்கு ஜனவரியில் எல்லாம் சரியாகி, ஷாம்புவை ஓரம் கட்டிவிட்டார். ஏப்ரல் வெயிலில் ஹெல்மெட் படும் இடத்தில் நாலைந்து பொரிகள் மறுபடி தலைகாட்டுகின்றன. இந்த முறை மாத்திரை தேவைப்படவில்லை. சில நாள் ஷாம்பு, பிறகு வெயில் காலம் முடியும் வரை வாரம் ஒரு முறை அதே ஐந்து நிமிடக் கணக்கு. ஹெல்மெட்டுக்குள் துவைத்த காட்டன் துணி, வேலை முடிந்ததும் ஈர டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்காமல் உடனே குளியல், இரண்டும் சேர்ந்துகொண்டன.

‘இந்த எண்ணெய் கூடாது, அந்த மாய்ஸ்சரைசர் கூடாது’ என்று இணையத்தில் சுற்றும் நீளமான பட்டியல்களைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. அவற்றில் பல, ஆய்வகத் தட்டில் ஈஸ்ட் எதைத் தின்று வளர்கிறது என்பதை வைத்துச் சொல்லப்படுபவை. மனிதத் தோலிலும் அப்படியே நடக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பொரி இருக்கும் இடத்தில் பிசுபிசுப்பான எண்ணெயும் கெட்டி கிரீமும் பூசாமல் இருந்தாலே போதும்.

அடிக்கடி திரும்பி வந்தாலோ, திடீரென்று உடம்பு முழுக்கப் பரவினாலோ டாக்டர் வேறு காரணம் தேடுவார். கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

கிளம்பும்போது அக்கா கேட்கிறார், “டாக்டர், வீட்ல கைக்குழந்தை இருக்கு. ஒட்டிக்குமா? துண்டெல்லாம் தனியா வைக்கணுமா?” தேவையில்லை என்கிறார் டாக்டர். “இது ஏற்கனவே எல்லார் தோல்லயும் இருக்குறதும்மா. இவரு உடம்புல கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு, அவ்வளவுதான்.”